டிஸ்சார்ஜுக்கு முன் மருத்துவமனை பில்லைப் படிப்பது எப்படி: மெடிக்கல் கார்டு வைத்திருப்போருக்கான வழிகாட்டி

மலேசியாவில் காப்புறுதி நிறுவனத்தின் மெடிக்கல் கார்டைக் காட்டிச் சேர்ந்த நோயாளிகளுக்குத் தனியார் மருத்துவமனையின் இறுதி பில் முதலில் கைக்கு வருவதில்லை. காலையில் மருத்துவர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்றதும் வார்டு தாதி மீதமுள்ள மருந்துகளை மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்புவார். மருந்தகம் அதைக் கணக்கில் கழிக்கும். பில்லிங் பிரிவு பில்லை முடித்துக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கிருந்து இறுதி உத்தரவாதக் கடிதம், எல்லாரும் சொல்லும் ஃபைனல் ஜி.எல்., வந்த பிறகுதான் உங்களைக் கவுண்டருக்குக் கூப்பிடுவார்கள். கையில் வருவது ஒரே தாள்: மொத்தம் இவ்வளவு, காப்புறுதி கட்டுவது இவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு. அந்தத் தாளில் எந்தத் தவறும் கண்ணுக்குத் தெரியாது.

தவறு தெரிவது விவரப் பில்லில்தான். அதையும் காப்புறுதிக்குப் போவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஜி.எல். வந்த பிறகும் திருத்தலாம். ஆனால் பில்லைத் திறந்து, திருத்தி, மறுபடியும் அனுப்பி, இன்னொரு ஜி.எல். வரும்வரை காத்திருக்க வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு லாபியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்த்தால், "போகட்டும், கட்டிவிடுவோம்" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதல் வேலை: முந்தைய நாள் மாலையே பில்லைக் கேளுங்கள்

நாளை வீடு திரும்பலாம் என்று மருத்துவர் கோடி காட்டிய உடனே பில்லிங் கவுண்டருக்குப் போங்கள். அதுவரையிலான இடைக்கால பில்லை, ஐட்டமைஸ்டு வடிவில் கேளுங்கள். "பில்" என்று மட்டும் கேட்டால் சுருக்கப் பில்தான் வரும். அதில் அறை, மருந்து, அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் மட்டும் இருக்கும். உங்களுக்குத் தேவை ஒவ்வொரு பொருளும் தேதி, எண்ணிக்கை, விலையோடு இருக்கும் நீண்ட பட்டியல். நான்கு நாள் தங்கிய ஓர் அறுவை சிகிச்சைக்கே அது பல பக்கம் வரும். விவரப் பில் கேட்பது நோயாளியின் உரிமை, தயங்க வேண்டியதில்லை. கவுண்டரில் இருப்பவர் "நாளைக்கு ஃபைனல் ஆனதும் தருகிறோம்" என்றால், "இன்றுவரை உள்ளது போதும், சரிபார்க்கத்தான்" என்று சொல்லுங்கள்.

பில்லோடு ஒப்பிட உங்களிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். நம் வீடுகளில் வார்டுத் துணைக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்: பகலில் அம்மா, இரவில் அண்ணன், இடையில் அத்தை. அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதிவைப்பதுதான் எளிது. எந்த மருத்துவர் எத்தனை மணிக்கு வந்தார், நரம்பு வழி மருந்து எப்போது ஏறியது, எப்போது மாத்திரைக்கு மாறியது, எந்த ஸ்கேன் எடுத்தார்கள், அறை எப்போது மாறியது என்ற ஐந்தும் போதும். வாட்ஸ்அப்பில் நேரம் தானாகவே பதிவாகிவிடும்.

கூடவே பாலிசியின் பலன் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஒரு நாள் அறை வாடகைக்கு எவ்வளவு வரம்பு, வரம்புக்கு மேலான அறையில் தங்கினால் என்ன விதி, நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு உண்டா. 2024 செப்டம்பர் 1 முதல், பேங்க் நெகாரா விதிப்படி காப்புறுதி நிறுவனங்கள் பங்குத்தொகை உள்ள திட்டங்களையும் தர வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் சிகிச்சைச் செலவில் குறைந்தது 5 விழுக்காடு அல்லது 500 ரிங்கிட் உங்கள் பங்காக இருக்கும். அது பில் தவறு இல்லை, நீங்கள் ஒப்புக்கொண்டது. இரண்டையும் கலந்துகொண்டு கவுண்டரில் வாதாட வேண்டாம்.

இரண்டாவது: அறை வரியை முதலில் படியுங்கள்

பெரும்பாலானோர் மருந்துப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் அங்கேதான் வரிகள் அதிகம். ஆனால் பெரிய பணம் போவது அறை என்ற ஒற்றை வரியில்தான். அந்த வரி தவறானால் மற்ற எல்லா வரிகளும் சேர்ந்து அடிபடும்.

காரணம் இதுதான். பல பாலிசிகளில், உங்களுக்கு உரிய வரம்பைவிட உயர்ந்த அறையில் தங்கினால், அறை வாடகையின் வித்தியாசம் மட்டும் உங்கள் தலையில் விழுவதில்லை. அறுவை, மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாவற்றிலும் ஒரு பங்கை, பல இடங்களில் 20 விழுக்காட்டை, நீங்களே கட்ட வேண்டும் என்ற விதி இருக்கும். ஆகவே அறை வகுப்பைத் தவறாகப் பதிந்துவிட்டால் அது சில நூறு ரிங்கிட்டோடு நிற்பதில்லை.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்று தெரிந்தால் பிடிப்பது எளிது. இரவில் அவசரப் பிரிவு வழியாகச் சேரும்போது இரண்டு படுக்கை அறை நிறைந்திருக்கும். பதிவு கவுண்டரில் தற்காலிகமாக ஒற்றை அறை என்று பதிவார்கள். நோயாளி வார்டுக்கு ஏறுவதற்குள் ஒரு படுக்கை காலியாகி, நேரே அங்கே போய்விடுவார். வார்டில் படுக்கை எண் மாறியிருக்கும், பில்லிங் கணினியில் அறை வகுப்பு மாறியிருக்காது. எல்லாத் துறையும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்; இடையில் ஒரு தகவல் மட்டும் விட்டுப்போயிருக்கும்.

உண்மையிலேயே ஒற்றை அறையில் தங்க நேர்ந்தால் வழி வேறு. உரிய வகுப்பில் படுக்கை இல்லை என்று மருத்துவமனையிடம் அன்றே ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். சில பாலிசிகள் அந்தக் கடிதத்தை ஏற்றுப் பங்குத்தொகையைத் தள்ளுபடி செய்யும், சில செய்யாது. எதுவானாலும் வீடு திரும்பும் நாளில் கேட்டால் அந்தக் கடிதம் கிடைப்பது கடினம்.

அறை வகுப்பைப் பார்த்த பிறகு நாள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஞாயிறு இரவு சேர்ந்து புதன் காலை கிளம்பினால் மூன்று இரவு. பில்லில் நான்கு நாள் என்று இருந்தால் கிளம்பும் நாளையும் முழு நாளாக எண்ணியிருக்கிறார்கள். இது எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் படுக்கையில் இருந்தால் கூடுதல் நாள் கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் உண்டு, நேரம் இடத்துக்கு இடம் மாறும். அந்த நேரம் எது என்று கேளுங்கள். மருத்துவர் காலை ஒன்பதுக்கே அனுமதி தந்தும், ஜி.எல். வரத் தாமதமானதால் மதியம் தாண்டியிருந்தால், அதைச் சொல்லிக் கூடுதல் நாளை நீக்கக் கேட்கலாம். இடையில் ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தால், அதே நாளுக்கு வார்டு அறைக்கும் ஐ.சி.யு. படுக்கைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மூன்றாவது: மருந்துப் பக்கத்தில் விலையை விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்

மாத்திரை வெளி மருந்தகத்தில் எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று ஒப்பிட்டால் கோபம் வரும், பணம் திரும்பி வராது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் வந்த 13ஆவது அட்டவணை, மருத்துவர்களின் தொழில்முறைக் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு வைக்கிறது. அறை, மருந்து, கையுறை, அறுவை அரங்கு, கருவி போன்ற மருத்துவமனைக் கட்டணங்களுக்கு அந்த அட்டவணை வரம்பு வைப்பதில்லை. ஆகவே கவுண்டரில் "விலை அதிகம்" என்று நிற்பதில் பயனில்லை. "ஆறு ஊசிதான் ஏற்றினார்கள், பன்னிரண்டு போட்டிருக்கிறீர்கள்" என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் மருந்தகத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

பில்லில் ஏறுவது பெரும்பாலும் வார்டுக்கு அனுப்பிய அளவு; நோயாளியின் உடலில் ஏறிய அளவு வேறாக இருக்கலாம். மருத்துவர் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதினால், மருந்தகம் சில நாளுக்குச் சேர்த்து அனுப்பிவிடும். இடையில் காய்ச்சல் இறங்கி மாத்திரைக்கு மாற்றினால் மீதமுள்ள குப்பிகள் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போனால் பில்லில் கழித்தல் குறியோடு தனி வரி வரும். நரம்பு வழி மருந்து பாதியில் நின்றிருந்தும் அப்படி ஒரு கழித்தல் வரிகூட இல்லையென்றால் அங்கே கைவையுங்கள்.

கணக்கிடுவது எளிது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு மூன்று. முதல் ஊசி ஞாயிறு இரவு 11, கடைசி ஊசி செவ்வாய் மாலை 3 என்றால்: ஞாயிறு ஒன்று, திங்கள் மூன்று, செவ்வாய் இரண்டு. ஆக ஆறு. சந்தேகம் இருந்தால் வார்டு தாதியிடம் மருந்துப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை கொடுத்ததற்கும் அதில் நேரமும் கையெழுத்தும் இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: திறந்த குப்பியைத் திருப்ப முடியாது. பாதிக் குப்பி பயன்படுத்தி மீதியைக் கொட்டினாலும் முழுக் குப்பிக்கும் காசு போடுவது சரிதான்.

அடுத்து அலகு. பஞ்சு, ஊசிக்குழல், கட்டுத்துணி போன்றவை சில வரிகளில் ஒன்று ஒன்றாகவும், சில வரிகளில் பெட்டியாகவும் விற்பனைக் கணக்கில் இருக்கும். ஒரு பொருளின் எண்ணிக்கை திடீரென்று 50, 100 என்று நின்றால் பெட்டியும் துண்டும் கலந்திருக்கலாம். அறுவை அரங்கின் பொருள்களில் பார்க்க வேண்டியது வேறு. முழுத் தொகுப்பாக ஒரு 'செட்' போட்டுவிட்டு, அதே தொகுப்புக்குள் இருக்கும் பொருள்களை மறுபடி தனித்தனியாகவும் போட்டிருக்கலாம். தொகுப்புக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டால் சொல்வார்கள். உடலுக்குள் வைத்த வலை, தகடு, ஸ்டென்ட் போன்றவற்றின் ஒட்டுச்சீட்டு அறுவைப் பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கும். பில்லில் இரண்டு என்றால் ஒட்டுச்சீட்டும் இரண்டு இருக்க வேண்டும்.

நான்காவது: மருத்துவர் வருகை

வாட்ஸ்அப் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். நாள் வாரியாக எத்தனை வருகை என்று எண்ணிப் பில்லோடு வைத்துப் பாருங்கள். இரண்டு நிபுணர்கள் பார்த்திருந்தால் இருவருக்கும் தனித்தனியே வரும், அது முறைதான். கவனிக்க வேண்டியது, கிளம்பும் நாளில் ஒரே மருத்துவருக்கு இரண்டு வருகை, அல்லது அவர் வராமல் தாதியிடம் தொலைபேசியில் பேசிய நாளுக்கு வார்டு வருகை. அதிகாலை ஆறரைக்கு வந்து போனதை நீங்கள் தூக்கத்தில் கவனிக்காமலும் இருந்திருக்கலாம். அதனால் குற்றம் சாட்டும் குரலில் கேட்காமல், வார்டு குறிப்பைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

ஐந்தாவது: சரியான வரி, ஆனாலும் கழிக்கப்படும்

சில வரிகளில் எண்ணிக்கை சரி, விலை சரி, ஆனாலும் காப்புறுதி கட்டாது. நோயாளிப் பை, கூடுதல் சாப்பாடு, மருத்துவ அறிக்கைக் கட்டணம் போன்றவற்றைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. அவற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பிரச்சினை தருவது நோயோடு ஒட்டாததுபோல் தெரியும் பரிசோதனைகள். குடல்வால் அழற்சிக்குச் சேர்ந்தவரின் பில்லில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை இருந்தால், உரிமைக்கோரலைப் பார்ப்பவர் அதைப் பொதுப் பரிசோதனை என்று கழித்துவிடலாம். சேர்ந்த அன்று சர்க்கரை ஏறியிருந்ததால், மயக்க மருந்துக்கு முன் மருத்துவர் கேட்டு எடுத்ததாக இருக்கலாம். அந்தக் காரணம் மருத்துவர் நிரப்பும் படிவத்தில் ஒரு வரியாக இருந்தால் போதும். அந்த ஒரு வரியை அவர் வீடு திரும்ப அனுமதி தரும் சுற்றிலேயே கேட்டு எழுதவையுங்கள். மதியத்துக்கு மேல் அவர் கிளினிக்கிலோ அறுவை அரங்கிலோ இருப்பார், பிடிக்க முடியாது.

'மற்றவை' என்று மட்டும் போட்டு ஒரு தொகை இருந்தாலும் அதைப் பிரித்துப் பெயரோடு போடச் சொல்லுங்கள். பெயரில்லாத தொகை எளிதாகக் கழிபடும்.

தலைப்பில் உள்ள அடையாள விவரங்களையும் ஒரு முறை பாருங்கள். பெயர், மைகார்டு எண், சேர்ந்த தேதி, நேரம், சிகிச்சையின் பெயர் எல்லாம் சேர்ந்தபோது காப்புறுதி நிறுவனம் தந்த தொடக்க ஜி.எல்.லில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். 2025 ஜூலை 1 முதல் தனியார் மருத்துவச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு, ஆனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மட்டும். மலேசியக் குடிமகன் ஒருவரின் பில்லில் அந்த வரி இருந்தால் பதிவில் குடியுரிமை தவறாக ஏறியிருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து இங்கே மணமுடித்து நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டும் பெற்றவர்கள் குடிமக்கள் இல்லை. அவர்களுக்கு வரி வருவது சரிதான்.

ஒரு பில், இரண்டு விதமாக

இதுவரை சொன்னதை ஒரு மாதிரிக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை, நுண்துளை முறையில் குடல்வால் அகற்றும் அறுவை. நோயாளி ஞாயிறு இரவு சேர்ந்து புதன் காலை வீடு திரும்புகிறார். பாலிசியில் அறை வரம்பு நாளுக்கு 200 ரிங்கிட். உயர்ந்த அறை என்றால் மற்ற செலவில் 20 விழுக்காடு நோயாளியின் பங்கு. தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை.

செவ்வாய் மாலை வாங்கிய இடைக்கால பில்லோடு, மறுநாளுக்காகக் கணினி சேர்க்கப்போகும் வரிகளையும் கேட்டு எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது: ஒற்றை அறை 4 நாள், 320 வீதம் 1,280. மருத்துவர் கட்டணம் 4,900. அறுவை அரங்கு 3,400. பொருள்கள் 3,150. மருந்து 2,640. பரிசோதனைகள் 1,560. தாதியர் சேவை 610. காப்புறுதி ஏற்காத சில்லறை 110. மொத்தம் 17,650 ரிங்கிட்.

மூன்று தவறுகள். நோயாளி இருந்தது நாளுக்கு 190 ரிங்கிட் இரண்டு படுக்கை அறை, அதுவும் மூன்று இரவு. ஆக 570 போதும். மருத்துவர் வருகையில் ஒன்று கூடுதல், 100 ரிங்கிட். ஆன்டிபயாட்டிக் 12 குப்பி, 38 ரிங்கிட் வீதம். ஏறியது ஆறு, ஆறு திரும்பியும் கழிக்கவில்லை, 228 ரிங்கிட். திருத்தினால் மொத்தம் 16,612. பில்லில் குறைவது 1,038 ரிங்கிட்.

இப்போது நோயாளியின் பையைப் பாருங்கள். திருத்தாத பில் காப்புறுதிக்குப் போனால், அறையில் நாளுக்கு 120 வீதம் நான்கு நாளுக்கு 480 அவருடையது. அறையையும் சில்லறையையும் கழித்த மீதி 16,260இல் 20 விழுக்காடு, அதாவது 3,252, அதுவும் அவருடையது. சில்லறை 110 சேர்த்தால் 3,842 ரிங்கிட். திருத்திய பில் போனால் அறை வரம்புக்குள் இருக்கிறது, பங்குத்தொகை விதி எழவே இல்லை. அவர் கட்டுவது 110 மட்டும். பில்லில் ஆயிரத்துச் சொச்சம் தவறு. கைக்காசில் 3,732 வித்தியாசம். நேரம் குறைவாக இருந்தால் அறை வரியை மட்டுமாவது பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

திருத்தக் கேட்கும் முறை

பில்லின் நகலில் சந்தேக வரிகளை வட்டமிட்டு, பக்கத்தில் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். அறை, மருந்து, வருகை மூன்றையும் முதலில் வார்டு சிஸ்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் பதிவேடு அவரிடம் இருக்கிறது. அவர் சரிபார்த்த பிறகு பில்லிங் கவுண்டருக்குப் போய், "இவை திருந்தும்வரை இறுதி பில்லைக் காப்புறுதிக்கு அனுப்ப வேண்டாம்" என்று கேளுங்கள். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அனுப்புவதற்கு முன் திருத்திய பிரதியை வாங்கி, வட்டமிட்ட வரிகளை மட்டும் மறுபடி பாருங்கள். ஒரு வரியை நீக்கும்போது இன்னொன்று இருமுறை ஏறுவதும் உண்டு, அதனால் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள்.

நேரம் தப்பி, ஜி.எல். வந்துவிட்டது, கட்டித்தான் கிளம்ப வேண்டும் என்றால், எந்தெந்த வரிக்கு ஆட்சேபம் என்று எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கட்டுங்கள். பிறகு திருத்திய பில்லும் புதிய கணக்கும் கேளுங்கள். காப்புறுதி கழித்த தொகை சரியில்லை என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அவர்களின் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால், அந்த முடிவு வந்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குக் கொண்டுபோகலாம். மருத்துவமனைக் கட்டணம் பற்றிய புகார் என்றால் அது வேறு வழி: முதலில் மருத்துவமனை நிர்வாகம், பிறகு சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவான சி.கே.ஏ.பி.எஸ்.

சேர்ந்தபோது கட்டிய முன்பணத்தை மறந்துவிடாதீர்கள். இறுதி பில்லின் கடைசிப் பகுதியில் அது செலுத்திய தொகையாகக் கழிந்திருக்க வேண்டும். மீதம் வந்தால் ரொக்கமாகவா, கட்டிய அட்டைக்கேவா, எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பண ரசீதின் மூலப் பிரதியைப் பில்லிங் கவுண்டர் கேட்கும். கொடுப்பதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.